dy/dx மேல் விழுந்த சிவப்புக் கோடு

அம்மையப்பன் சாரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் ஆற்றங்கரை நெடுக இருக்கிறார்கள். அவர்களில் யாரை நிறுத்திச் சாரைப் பற்றிக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அடித்திருப்பாரோ என்று நினைக்க வேண்டாம், அந்த மனுஷர் ஒரு பிள்ளையையும் தொட்டது கிடையாது. "சூத்திரத்த சும்மா எழுத விடமாட்டாரு" என்பார்கள். அவ்வளவுதான் அவர் மேல் உள்ள புகார்.

பன்னிரண்டாம் வகுப்பில் நீள்வட்டம் என்று ஒரு பாடம் வரும். முட்டையைப் போல நீண்ட வட்டம். அதற்குச் சமன்பாடு x²/a² + y²/b² = 1. அந்த நீள்வட்டத்தின் மேல் (x₁, y₁) என்று ஒரு புள்ளியைக் கொடுத்து, அங்கே ஒட்டிக்கொண்டு போகிற தொடுகோட்டைக் கண்டுபிடி என்று பரீட்சையில் கேட்பார்கள். அதற்குப் பாடப்புத்தகத்தில் அழகான சூத்திரம் உண்டு: xx₁/a² + yy₁/b² = 1. x² இருக்கிற இடத்தில் xx₁ போடு, y² இருக்கிற இடத்தில் yy₁ போடு, சோலி முடிந்தது. மற்ற வாத்தியார்கள் இதைக் கரும்பலகையில் எழுதி, கட்டம் கட்டி, மனப்பாடம் பண்ணச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். நம்ம சார் போகமாட்டார்.

"எங்கேருந்துலே வந்துது இந்தச் சூத்திரம்? ஆத்துல மிதந்து வந்துதா?" என்பார்.

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ளும். சார் சுண்ணக்கட்டியை எடுத்து முதலிலிருந்து தொடங்குவார். சமன்பாட்டை அப்படியே வகையிட வேண்டும், அதாவது டிஃபரன்ஷியேட் பண்ண வேண்டும். x²/a² என்பது 2x/a² ஆகும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. y²/b² வரும்போதுதான் சார் திரும்பி நின்று இடுப்பில் கை வைப்பார். "மூதி, y என்ன தூணா, அசையாம நிக்க? x நகந்தா y-யும் கூடவே நகருதுலா? அப்போ y²-ஐ வகையிட்டா 2y-யோட நிறுத்திரலாமா? கூட என்ன வரணும்?" வகுப்பு மொத்தமும் கத்தும்: "dy/dx!" அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு வரலாற்று டீச்சர் பாடத்தை நிறுத்திவிடுவாராம். dy/dx-ஐச் சுருக்கி y′, 'ஒய் டேஷ்' என்றும் சொல்வதுண்டு, அதனால் சாருக்குப் பள்ளிக்கூடத்தில் 'ஒய் டேஷ்' என்று பட்டப்பெயர். சாருக்கும் தெரியும், கோபிக்கமாட்டார்.

அப்புறம் கணக்கு விறுவிறுவென்று ஓடும். 2x/a² + (2y/b²)(dy/dx) = 0. அதிலிருந்து dy/dx, அதாவது தொடுகோட்டின் சாய்வு, −b²x₁/a²y₁. அந்தச் சாய்வோடு (x₁, y₁) வழியாக ஒரு கோடு போட்டு, பெருக்கி, வகுத்து ஒழுங்குபடுத்தினால் இடப்பக்கம் xx₁/a² + yy₁/b² என்று வந்து நிற்கும். வலப்பக்கம் x₁²/a² + y₁²/b² என்று நிற்கும். புள்ளி நீள்வட்டத்தின் மேல்தானே இருக்கிறது? அதனால் அந்த வலப்பக்கம் ஒன்று. அந்த ஒன்றை எழுதும்போது சாரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் தாலி ஏறினதும் பெண்ணின் தகப்பன் முகம் இருக்குமே, அப்படி இருக்கும்.

சார் சீவலப்பேரிக்காரர். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று சுமந்தவர். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்து படித்து, எம்.எஸ்ஸி. முடித்து, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். படிக்கிற காலத்திலேயே யார் எதைச் சொன்னாலும் "எப்படி?" என்று கேட்கிற வியாதி அவருக்கு உண்டு. ஜோசியக்காரர், டாக்டர், காய்கறிக்கடைக்காரர் எல்லாரிடமும் கேட்பார். பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் விஜயஸ்ரீ. அவளும் கணக்கு எம்.எஸ்ஸி. "தனியா ஒரு வார்த்தை பேசுங்க" என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்ன கேட்டிருக்க வேண்டும்? சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா, சினிமா பிடிக்குமா என்று ஏதாவது கேட்டிருக்கலாம். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நீள்வட்டத்துக்குத் தொடுகோடு எப்படி வருகிறது என்று கேட்டார். விஜயஸ்ரீக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் வாயாலேயே முழுக்கச் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு, "புள்ளி சரியா நீள்வட்டத்தோட வலது முனையில, (a, 0)-ல இருந்தா என்ன பண்ணுவிய? y₁ பூஜ்யம். சாய்வுக்குக் கீழ பூஜ்யம் வந்து உக்காந்துக்கிடும்லா?" என்று திருப்பிக் கேட்டாள். மாப்பிள்ளை முழித்தார். பதில் தெரியாமல் அல்ல. கேள்வி வந்த அழகில் முழித்தார். "கோடு செங்குத்து. சாய்வு சொல்ல முடியாது. ஆனா சூத்திரம் மட்டும் அங்கனயும் தப்பாம x = a-னு சொல்லிரும்" என்று அவளே பதிலையும் சொன்னாள். வெளியே வந்து, "எனக்குச் சம்மதம்" என்றார் அம்மையப்பன். காபி ஆறிப்போயிருந்தது.

விஜயஸ்ரீ டீச்சரும் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் கணக்குதான். ஒரே மகள், கட்டிக் கொடுத்துப் பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் கணக்கு வாத்தியார் இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. "கேஸ் தீரப்போவுது" என்று அவள் சொன்னால் "எப்படிச் சொல்லுத?" என்பார். "எனக்குத் தலை வலிக்கு" என்றால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும். "நான் சொன்னாப் போதாதா? எல்லாத்துக்கும் நிரூபணம் வேணுமா ஒங்களுக்கு?" என்று அவள் தட்டை நங்கென்று வைப்பாள். அவர் சிரிப்பார். நல்ல வாழ்க்கைதான், சொல்லக்கூடாது.

போன வருஷத்திலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ ஒன்று பிசகியது. வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். பேச்சு நடுவில் ஒரு சொல்லுக்காக நின்றார். ஐம்பத்தஞ்சு வயசு, ஓயாத வேலை, யாருக்கு வராது என்று விஜயஸ்ரீ தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு நாள் கடைத்தெருவில் அவருடைய மாணவி ஒருத்தியைப் பார்த்தாள். "டீச்சர், சார் ரொம்ப மாறிட்டாரு. தொடுகோட்டுக்கு நேரா சூத்திரத்தக் குடுத்துட்டாரு. எங்களுக்கு ஒரே சந்தோசம்" என்று அந்தப் பிள்ளை சிரித்தது. விஜயஸ்ரீயும் சிரித்துவைத்தாள். வீடு வந்து சேர்ந்தபிறகும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் "எப்படிச் சொல்லுத?" என்பார், அதற்கு அவளிடம் பதில் இருந்தது, அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஏப்ரல் மாதம் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம்தான் முகாம். வெயில் கொளுத்தியது, மின்விசிறி அனல் காற்றைத்தான் கீழே தள்ளியது. வேறு ஏதோ மாவட்டத்துப் பிள்ளைகளின் தாள்கள், பெயர் கிழித்தெடுக்கப்பட்டு, எண் மட்டும் போட்டுக் கட்டுக் கட்டாக வரும். எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்தத் தாய் பெற்றதோ, ஒன்றும் தெரியாது. உதவித் தேர்வாளர்கள் சிவப்பு மையில் திருத்துவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முதன்மைத் தேர்வாளர் உண்டு. அவர் திருத்தின தாள்களில் சிலதை எடுத்து மறுபடி பார்ப்பார். சார் இருந்த குழுவுக்கு முகம்மது இப்ராஹிம் சார் முதன்மைத் தேர்வாளர். மேலப்பாளையத்துக்காரர், அம்மையப்பனோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். விஜயஸ்ரீ டீச்சர் அதே கூடத்தில் வேறொரு குழுவில் இருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இப்ராஹிம் சார் அவள் மேசைக்கு வந்தார். முகம் சரியில்லை. "டீச்சர், ஒரு நிமிசம் வராந்தாவுக்கு வாங்க" என்றார்.

கையில் இரண்டு விடைத்தாள் வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே மூன்று மார்க் கேள்வி. x² + 4y² = 20 என்ற நீள்வட்டத்துக்கு (2, 2) என்ற புள்ளியில் தொடுகோடு காண்க. விடைக்குறிப்பில் சூத்திர வழி இருந்தது: xx₁ + 4yy₁ = 20, அதாவது 2x + 8y = 20, சுருக்கினால் x + 4y = 10. மாற்று வழியில் சரியாகச் செய்திருந்தாலும் முழு மார்க் என்று கீழே போட்டிருந்தது.

முதல் தாளில் இருந்த பிள்ளை சூத்திரத்தை மறந்துவிட்டதோ என்னவோ, வகையிட்டுத்தான் போயிருந்தது. 2x + 8y(dy/dx) = 0. (2, 2)-ல் dy/dx = −1/4. y − 2 = −(1/4)(x − 2). அதிலிருந்து x + 4y = 10. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த dy/dx மேல் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் கேள்விக்குறி. மார்க் பூஜ்யம்.

இரண்டாவது தாளில் இருந்த பிள்ளை 2x + 8y என்று எழுதி நிறுத்திவிட்டு, அதில் (2, 2)-ஐப் போட்டு இருபது வரவைத்து, அதையே சாய்வு என்று வைத்துக்கொண்டு y − 2 = 20(x − 2) என்று எழுதியிருந்தது. சுத்தத் தப்பு. அதற்குப் பெரிய சரிக்குறி, மூன்றுக்கு மூன்று.

விஜயஸ்ரீக்கு அந்தச் சரிக்குறியின் வால் யாருடையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அவள் மளிகைச் சிட்டையிலும் அந்த வால்தான் விழுகிறது.

"குறிப்பப் பாக்கவே இல்ல டீச்சர். எப்பவும் அவரு பாக்கமாட்டாரு, தானே போட்டுத்தான் திருத்துவாரு. அதான் வினை" என்றார் இப்ராஹிம் சார். "dy/dx-ஐ அடிச்சிருக்காரு. அம்மையப்பன் அடிச்சிருக்காரு! நான் யார்ட்டச் சொல்லி அழ?"

"இது மட்டுந்தானா?"

"இன்னைக்குக் கட்டுல ஏழெட்டு இருக்கு. அத நானே சரி பண்ணிருதேன், ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நேத்து, முந்தாநாள் கட்டெல்லாம் மேல முகாம் ஆபீசுக்குப் போயிட்டு. அதுல ஒண்ணு ரெண்டுதான் நான் எடுத்துப் பாத்தேன், இந்தக் கேள்வி கண்ணுல படல. இப்போ அதத் திருப்பிக் கேக்கணும்னா முகாம் அலுவலர்ட்டப் போய்க் காரணம் சொல்லணும். சொன்னா அம்மையப்பன் பேரு நாறிப்போவும். வேலயில இருக்கும்போதே இப்படின்னா... ஒங்களுக்கே தெரியும்." கொஞ்சம் நின்று, "விட்டுருவோமா டீச்சர்? மூணு மார்க்குதான்" என்றார்.

மூன்று மார்க்குதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டும் மூன்று மார்க்கில் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர்கள் வேறு என்ன வேலை பார்த்தார்கள் இத்தனை வருஷம்? விஜயஸ்ரீ அந்த முதல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு பிள்ளை சூத்திரம் ஞாபகம் வராமல், பரீட்சை அறையில் பதறாமல், அடியிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறது. இப்படித்தான் போட வேண்டும் என்று ஆயுசு முழுக்கக் கத்தின மனுஷர் கையாலேயே அதற்கு அடி விழுந்திருக்கிறது. பேசாமல் இருந்தால் புருஷன் மானம் நிற்கும், அந்தப் பிள்ளைகளின் மார்க் போகும். பேசினால் பிள்ளைகளுக்கு மார்க் வரும், அவர் இனி பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பார்? சண்டாளி, என்னை இந்த இடத்திலா கொண்டுவந்து நிறுத்தணும் என்று அவள் அம்மனைத் திட்டினாளா தன்னைத் திட்டினாளா, அவளுக்கே விளங்கவில்லை.

"அவர்ட்டக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். சாப்பாடு முடியட்டும்" என்றாள்.

வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தயிர்ச்சாதம், மாவடு. சார் நன்றாகத்தான் சாப்பிட்டார், இந்த வருஷம் பிள்ளைகள் கையெழுத்து மோசம் என்று குறைப்பட்டுக்கொண்டார். டப்பாவை மூடினபிறகு விஜயஸ்ரீ கேள்வித்தாளின் பின்பக்கத்தையும் பேனாவையும் அவரிடம் நீட்டினாள்.

"நீள்வட்டத்துத் தொடுகோட்ட ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

"எதுக்குட்டி? ஒனக்குத் தெரியாததா?"

"ஆசையாருக்கு. போடுங்களேன்."

சிரித்துக்கொண்டே வாங்கினார். x²/a² + y²/b² = 1 என்று எழுதினார். கீழே 2x/a² + 2y/b² = 0 என்று எழுதினார். அடுத்த வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனவர் நின்றுவிட்டார். சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் எழுதின வரியில் சாய்வே இல்லை. எதைத் தனியாக எடுப்பது? திரும்ப மேலே பார்த்தார். திரும்பக் கீழே பார்த்தார். சட்டென்று பேனாவை எடுத்து, வேகமாக, xx₁/a² + yy₁/b² = 1 என்று எழுதிக் கட்டம் கட்டினார்.

"பாத்தியா? இதுதான் விடை. சரிதான?"

"விடை சரிதான். நடுவுல?"

"நடுவுல..." என்றார். அந்தக் காகிதத்தில் இரண்டாவது வரிக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தை விரலால் தடவினார். "நடுவுல என்னமோ ஒண்ணு வரும்லா, விஜி. நான் இவ்வளவு நாளும் சொல்லுவேன்லா. பிள்ளையள் கத்துங்களே. என்னதுட்டி அது?"

விஜயஸ்ரீ அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, 2y/b²-க்குப் பக்கத்தில் dy/dx என்று எழுதினாள். அவர் குனிந்து பார்த்தார். 'அட ஆமா' என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். அவர் சொல்லவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன் பஸ்ஸின் பலகையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு இங்கன?" என்று கேட்டார்.

அப்போது இப்ராஹிம் சார் அந்த இரண்டு தாள்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்கள். எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்ததால் மறுக்க இடமில்லை. சார் இரண்டு தாளையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ நேத்துத் திருத்துனது?"

"மேல போயிட்டுவே" என்றார் இப்ராஹிம் சார்.

"முந்தாநாளும்?"

"ஆமா."

"அதுல எத்தன பிள்ளை இப்படிப் போட்டிருக்கோ... நான் அடிச்சிருப்பேனே" என்று எழுந்துவிட்டார்.

"வே, உக்காரும். ஆத்திரப்படாதியும். வெளிய தெரிஞ்சா..."

"தெரியட்டும்வே. பிள்ளைய மார்க்க எடுத்துக்கிட்டு வீட்டுல போய்ச் சோறு திங்கவா?"

விஜயஸ்ரீ பின்னாலேயே ஓடினாள். முகாம் அலுவலர் சுடலைவடிவு அம்மா சாத்தான்குளம் பக்கத்துத் தலைமையாசிரியை, கறாரான பேர்வழி. அவர் அறைக்குள் சார் அனுமதி கேட்காமல் நுழைந்து, நின்றபடியே சொன்னார்: "மேடம், நான் திருத்துன தாள் எல்லாத்தையும் திருப்பி எடுங்க. எனக்குத் தொடுகோடு மறந்து போச்சு."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சார், இத எழுத்துல குடுக்கணும். மேலிடத்துக்குப் போவும். டாக்டர் சர்டிபிகேட்டு கேப்பாங்க. யோசிச்சுக்கிடுங்க" என்றார். பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த அலுவலகப் பையன்கள் இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னத்த யோசிக்க? யோசிக்கத்தான் இப்போ முடியலியே" என்றார் சார். எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் அதே வாலோடு விழுந்தது.

கூடத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? சார் திரும்ப வந்தபோது திருத்திக்கொண்டிருந்த பேனாக்கள் எல்லாம் நின்றுவிட்டன. 'ஒய் டேஷ்' என்று அவரைப் பின்னால் கேலி பேசினவர்களில் இப்போது வாத்தியாராகி அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. ஒரு பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலத்துக்குள் கட்டுகள் திரும்பி வந்தன. வேறு ஆள் திருத்த வேண்டும், மார்க் மாறுகிற இடத்தில் முதலில் திருத்தினவர் கையெழுத்துப் போட வேண்டும், முதன்மைத் தேர்வாளர் அதன் பக்கத்தில் போட வேண்டும் என்று சுடலைவடிவு அம்மா சொன்னார். "புருஷன் பொஞ்சாதி ஒரே கட்டுல உக்காரக் கூடாதுதான்" என்று இழுத்தவர், விஜயஸ்ரீயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ராஹிம் சார் பக்கத்துலயே இருக்கட்டும்" என்று முடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விஜயஸ்ரீ தாளைத் திருப்பி அந்தக் கேள்வியை எடுப்பாள், பார்ப்பாள், மார்க் போடுவாள், அவர் பக்கம் நகர்த்துவாள். அவர் கையெழுத்துப் போட்டு இப்ராஹிம் சாருக்குத் தள்ளுவார். சூத்திரத்தை வைத்துப் போட்ட பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கெல்லாம் சரியாகத்தான் மார்க் விழுந்திருந்தது. வகையிட்டுப் போட்ட பிள்ளைகளின் தாள் வரும்போது மட்டும் அந்தச் சிவப்புக் கோடு. பூஜ்யத்தை அடித்து மூன்று. மறுபடி ஒரு பூஜ்யம், மறுபடி மூன்று. ஒவ்வொரு மூன்றுக்கும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்லாப் போட்டிருக்கானோ?" என்று கேட்டார். "நல்லாப் போட்டிருக்கு" என்றாள் அவள். "சந்தோசம்" என்றார். திருடிய சாமானைத் திருப்பி வைக்கிறவன்கூட இவ்வளவு கவனமாக வைத்திருக்க மாட்டான்.

கடைசிக் கட்டில், மத்தியானம் வராந்தாவில் பார்த்த அந்த இரண்டாவது தாள் வந்தது. 2x + 8y, dy/dx இல்லை, சாய்வு இருபது. பக்கத்தில் அவருடைய சரிக்குறி, மூன்று மார்க். விஜயஸ்ரீ மூன்றை அடித்துப் பூஜ்யம் போட்டாள். போட்டுவிட்டு நகர்த்தினாள்.

சார் பேனாவைக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இதுக்கு ஏன் கொறைக்க?"

"பிள்ளை dy/dx-ஐ விட்டுட்டு."

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். முதல் வரியைப் படித்தார். விரலை வைத்து அடுத்த வரிக்கு வந்தார். திரும்ப முதல் வரிக்குப் போனார். அவள் விளக்கிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார், தானே பார்க்க வேண்டும் அவருக்கு. எவ்வளவோ நேரம் பார்த்தார். இப்ராஹிம் சார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விஜி" என்றார் மெல்ல. "எனக்கு இது சரியாத்தான் தெரியுது."

"தெரியும்."

"நீ தப்புன்னு சொல்லுத."

"ஆமா. தப்பு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். 'எப்படி?' என்று கேட்கப்போகிறார் என்று அவள் உடம்பெல்லாம் எதிர்பார்த்தது. கேட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்ல அவள் தயாராக இருந்தாள், விடிய விடியச் சொல்லத் தயாராக இருந்தாள். கேளுங்களேன், ஒரு தடவை கேளுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார்.

தாளை இப்ராஹிம் சாரிடம் தள்ளிவிட்டு, "அடுத்தது குடு" என்று கையை நீட்டினார். விஜயஸ்ரீ அடுத்த தாளை எடுத்தாள். பக்கத்தைத் திருப்பினாள், திருப்பிக்கொண்டே இருந்தாள், கேள்வி எண் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் தாளில் விழுந்துவிடக் கூடாதே என்று அதை மேசையில் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அழுதாள்.